அந்த மடலை யார் படிப்பார்?

பெங்களூரில் வேதியியல் ஆய்வு மேற்கொண்டிருந்த தமிழ் மாணவி ஒருவருக்கு, 5 ஆண்டுக் கால உதவித்தொகை முடிவுற்றது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கப்படவில்லை. மாதம் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வந்துகொண்டிருந்த வங்கிக் கணக்கில் அடுத்த மாதம் எதுவும் வராது. எஃகின் மீது துத்தநாகப் பூச்சு எவ்வாறு அரிக்கப்படுகிறது என்பதே அவர் ஆய்வு. ஆகவே, பீன்யா தொழிற்பேட்டையில் போல்ட்டுகளுக்கு சிங்க் ப்ளேட்டிங் செய்யும் ஒரு சிறு நிறுவனம் தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளரைத் தேடுகிறது என்ற விளம்பரம் கண்ணில் பட்டபோது, அது தமக்கென்றே வந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

நாற்பது பேர் பணிபுரியும் இடம். விளம்பரம் நான்கு வரி ஆங்கிலம். அதிலும் ஓர் எழுத்துப் பிழை. கீழே ஆட்சேர்ப்பைக் கவனிக்கும் பெண்மணியின் பெயர் இருந்தது. அது தமிழ்ப்பெயர்.

முதல் மடலை அவர் பல்கலைக்கழகம் கற்றுத்தந்த ஆங்கிலத்தில் எழுதினார். ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்று தொடங்கி, ‘யுவர் எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்’ என்று நிறுவனத்தை வாழ்த்தி, ஆய்வுத் தலைப்பை இரண்டு வரிகளுக்கு நீட்டி, மின்வேதி மின்மறுப்பு நிறமாலையியலில் தமக்குள்ள தேர்ச்சியை விளக்கி, பணிவோடு முடித்தார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பத்து நாள் கடந்தும் மறுமொழி இல்லை.

பணிவு குறைந்துவிட்டதோ என்றுதான் அவர் முதலில் ஐயுற்றார். மீண்டும் படித்தபோது வேறொன்று தெரிந்தது. நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால், அம்மடலை ஒரு மருந்து நிறுவனத்துக்கும் அனுப்பலாம், அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். பீன்யாவுக்கென்று அதில் ஒரு வாக்கியமும் இல்லை. முனைவர் பட்டத்துக்குரியவர் தம்மிடம் ஏன் வருகிறார், வந்தால் எத்தனை நாள் இருப்பார் என்பதே சிறு நிறுவனத்தின் முதல் ஐயம். அந்த ஐயத்தை அவர் எழுதிய ஒவ்வொரு நீண்ட வாக்கியமும் வளர்த்திருக்கிறது.

இரண்டாவது மடலைத் தமிழில் எழுத முற்பட்டார். பெயர் தந்த துணிவு அது. ஆனால் விளிப்பிலேயே தயங்கினார். ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்றால் மேடைப்பேச்சு. ‘அன்புள்ள மேடம்’ என்றால் ஏற்கெனவே பழகியவர்போல் ஒரு உரிமை. ‘தாங்கள்’ விலக்கி நிறுத்தியது. ‘நீங்கள்’ நெருங்கி நின்றது. ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’ மறைத்துவிடும் இடைவெளியைத் தமிழ் அளந்து சொல்லக் கேட்டது. பேச்சு வழக்கில் எழுதினால் விண்ணப்பமாகாது. எழுத்து வழக்கில் எழுதினால் ஆங்கில மடலைவிடத் தொலைவு கூடிவிடும்.

அதனினும் பெரிய தடை கலைச்சொற்களில் இருந்தது. ‘மின்முலாம்’, ‘உப்புத்தெளிப்புச் சோதனை’ என்று எழுதியபின் அவரே நின்று யோசித்தார். பீன்யாவில் எந்தத் தாய்மொழிக்காரரும் அவற்றை ‘ப்ளேட்டிங்’, ‘சால்ட் ஸ்ப்ரே’ என்றே சொல்கிறார். தமிழறிந்தவரும்கூட ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிய பிறகே பொருள் கொள்ள வேண்டியிருக்கும். மேலும், கர்நாடகத்தில் நடக்கும் ஒரு நிறுவனத்தில், பெயரைக் கண்டு தமிழில் எழுதுவது வேலை கேட்பதாகாமல் உறவு கேட்பதாகிவிடும். அம்மடலை முதலாளியிடம் காட்ட நேர்ந்தால் அப்பெண்மணிக்குத்தான் சங்கடம். அந்த வரைவை அவர் அனுப்பவில்லை.

ஆனால் அதை எழுதியதால் ஒரு கேள்வி தெளிவாயிற்று. மடல் யாருக்கு எழுதப்படுகிறது என்பதைவிட, யார் யார் கைக்குச் செல்லும் என்பதே மொழியை முடிவுசெய்கிறது. சிறு நிறுவனத்தில் ஆட்சேர்ப்பவர் பெரும்பாலும் கணக்கையும் சம்பளப் பட்டியலையும் சேர்த்தே பார்ப்பவர். வேதியியல் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் மடலைத் தொழிற்கூட மேற்பார்வையாளரிடம் காட்டுவார். அவர் சரியென்றால் முதலாளியிடம் செல்லும். மூவருக்கும் பொதுவாக உள்ளது விளம்பரத்தில் கண்ட அந்த எளிய ஆங்கிலமே.

மூன்றாவது மடல் ஒன்பதே வரிகள். அந்த ஆங்கிலத்தின் பொருள் தமிழில் இவ்வளவுதான்: ‘வணக்கம். தங்கள் வேதியியலாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக எஃகின் மேல் சிங்க் பூச்சு பற்றி ஆய்வு செய்தேன். ஆசிட் சிங்க் பாத்தில் துத்தநாக அளவை டைட்ரேஷன் மூலம் பார்ப்பேன். ஹல் செல் சோதனை செய்வேன். சால்ட் ஸ்ப்ரே சோதனையை 5 சதவீத உப்புக் கரைசலில், 35 டிகிரியில் நடத்தியிருக்கிறேன். உற்பத்திக் கூடத்தில் பணியாற்றியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் ஒரு நாள் விடுப்பு வேண்டும். ஜாலஹள்ளியில் வசிக்கிறேன், உடனே சேரலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்க எண்ணுகிறேன்.’

எளிமை என்பது இங்கே சொற்களைக் குறைத்தது மட்டுமன்று. முதல் மடலில் மின்மறுப்பு நிறமாலையியல் இருந்த இடத்தில் இப்போது ஹல் செல் இருக்கிறது. முன்னது அவருடைய பெருமை. பின்னது அந்தத் தொழிற்கூடத்தின் அன்றாடம். எளிய ஆங்கிலத்தில் எழுத முனைந்தபோது, படிப்பவருக்கு எது தேவை என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. உற்பத்திக் கூட அனுபவம் இல்லை என்ற வரியை எழுதத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. நீண்ட வாக்கியங்கள் அதுவரை மறைத்துவந்தது அதைத்தான்.

மறுநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய குரல், இரண்டு வாக்கியங்களுக்குப் பின் கேட்டது: “நீங்க தமிழா மேடம்?”

அதற்குப்பின் பேச்சு தமிழிலேயே நடந்தது. அப்பெண்மணி பெங்களூரில் பிறந்து, பள்ளியில் கன்னடம் பயின்றவர். “தமிழ் வீட்டுல பேசுவோம். படிக்கணும்னா எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்” என்றார். அனுப்பாமல் வைத்த வரைவை மாணவி நினைத்துக்கொண்டார்.

முதல் மடல் வந்ததா என்று தயங்கிக் கேட்டார்.

“வந்துச்சு மேடம். வேற எதோ பெரிய கம்பெனிக்கு எழுதினது தவறி எங்களுக்கு வந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

மூன்றாவது மடலை அச்சிட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறார். அவர் ஹல் செல் என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டுத் திருப்பித் தந்தாராம். “பேனலைப் பாத்து பாத்ல என்ன கொறைன்னு சொல்ல முடியுமான்னு கேக்கச் சொன்னாரு.”

மாணவி தம்மால் இயன்றதையும் இயலாததையும் சொன்னார். தமிழில் சொல்லும்போது ‘எரிஞ்ச மாதிரி கருத்திருந்தா’, ‘மங்கலா இருந்தா’ என்று சொற்கள் தாமே வந்தன. மடலில் இடம் பெறாத தமிழுக்கு உரிய இடம் அதுவாயிருந்தது.

இதை எல்லா ஊருக்கும் விதியாக்க முடியாது. ஓசூரிலோ கோவையிலோ ஒரு பட்டறை தமிழில் விளம்பரம் தந்து, கீழே கைபேசி எண் மட்டும் போட்டிருந்தால், அழைத்துத் தமிழில் பேசுவதே முறை. அங்கே ஆங்கில மின்னஞ்சல்தான் அந்நியம். விளம்பரம் எந்த மொழியில், எந்த அளவு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதே முதற்குறிப்பு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் உதவித்தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதை அப்பெண்மணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிறகு, வைப்பதற்கு முன், “ரெண்டு வருஷம் நெஜமாவே இருப்பீங்களா மேடம்?” என்று கேட்டார். எந்த மொழியிலும் மழுப்ப முடியாத கேள்வி அது. இருப்பேன் என்றார் மாணவி.