கிரீன் மேட்டின் நடுவே ஒரு இருட்டு

கிரீன் மேட்டுக்குப் பளபளப்பான துணி ஆகாது. சாட்டினோ வழவழப்பான பாலியெஸ்டரோ கட்டினால், விளக்கு படும் இடம் வெளுத்துப் பச்சையை இழந்துவிடும். அதனால்தான் வளசரவாக்கத்து மாடி வீட்டில் நான் பார்த்த துணி, கனமான பருத்தியாக இருந்தது. பத்தடி அகலம். திரைச்சீலைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஜன்னல் கம்பிகளோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். முந்தின இரவே அயர்ன் செய்தது. இருந்தும் நான் போனபோது, அந்த வீட்டு அக்கா, தம்பி இருவரில் தம்பி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மிச்சமிருந்த மடிப்புகள் மேல் தெளித்துக்கொண்டிருந்தார். ஈரம் காயும்போது துணி தன் கனத்திலேயே இழுபட்டு நேராகிவிடுமாம்.

தம்பிக்குப் பகலில் சினிமா கிராஃபிக்ஸ் நிறுவனம் ஒன்றில் ரோட்டோ வேலை. நடிகரின் உருவத்தைச் சுற்றி ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு வரைந்து, பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை அது. நொடிக்கு 24 ஃபிரேம். பச்சைத் துணி வைத்து எடுத்த காட்சிகளும் அவர் மேசைக்கு நிறைய வருகின்றன. நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாமல் போனதால், கையால் வெட்டச் சொல்லி அனுப்பப்படுபவை அவை.

"செட்ல அரை மணி நேரம் லைட்டுக்கு ஒதுக்கியிருந்தா போதும் சார். இங்க நாலு பேர் ஒரு வாரம் உக்காந்து முடி முடியா வரையுறோம்" என்றார்.

விடுமுறை நாட்களில் அவர் தன் அக்காவுக்காகப் பச்சைத் துணி வைத்து எடுத்து வெட்டும் வேலையை வீட்டில் செய்கிறார். அக்கா அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பாடங்களை வீடியோவாக எடுக்கிறார்கள். பின்னணியில் படங்களும் வரைபடங்களும் ஓடும், முன்னால் அக்கா நின்று பேசுவார். கூடத்தின் நீளம் 16 அடி. துணியிலிருந்து ஆறடி தள்ளி அக்கா நிற்க வேண்டிய இடத்தில், தரையில் டேப் ஒட்டியிருக்கிறது. இன்னும் நெருங்கி நின்றால் துணியில் பட்டுத் திரும்பும் பச்சை ஒளி அவர் தோளிலும் கன்னத்தின் ஓரத்திலும் ஏறிவிடும். அவர் நிழலும் துணியில் விழும்.

துணிக்கு இரண்டு நாலடி எல்.இ.டி. டியூப். ஸ்டாண்டில் செங்குத்தாகக் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தியிருந்தார். அக்காவின் முகத்துக்குத் தனியே ஒரு எல்.இ.டி. பேனல், முன்னால் வெள்ளைத் துணி போர்த்தி. எதிர்ப்பக்கம் தெர்மாகோல். முகத்துக்கான விளக்கையும் துணிக்கான விளக்கையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெடும்.

ஃபேன் ஓடக்கூடாது. துணி அசையும், முடி பறக்கும்.

"டேய், வேர்த்து ஊத்துதுடா. சீக்கிரம் முடி."

"ரெண்டு நிமிஷம்க்கா. மேட் மட்டும் பாத்துட்டு ஃபேன் போடறேன். நீ அதுவரைக்கும் உள்ள போய் உக்காரு."

அந்த இரண்டு நிமிடம் அரை மணி நேரமானது. நான் பார்க்க வந்ததும் அந்த அரை மணி நேரத்தைத்தான்.

முதலில் கேமரா. அவருடையது சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான். ஆனால் எதையும் அதன் விருப்பத்துக்கு விடவில்லை. வெளிச்சம், வெண்சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் பூட்டினார். தானியங்கியில் விட்டால், அக்கா கையைத் தூக்கும்போதெல்லாம் போன் வெளிச்சத்தை மாற்றும். அதோடு துணியின் பச்சையும் மாறும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. டியூப் அதில் 100 முறை துடிக்கும். ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால்தான் படத்தில் பட்டைகள் ஊர்ந்து போகாது. 1/50 கூடப் பொருந்தும். ஆனால் கை வேகமாக அசையும்போது விரல் இழுபட்டுப் பச்சையோடு கலந்துவிடும் என்பதால் 1/100.

படமெடுப்பது 4K அளவில், முடித்துக் கொடுப்பது 1080-இல். இதற்குக் காரணம் இருக்கிறது. போன் வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிகிறது, நிறத்தையோ நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறைதான் பதிகிறது. பார்வையாளர் கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் நிறத்தை நம்பியே வெட்டும் வேலைக்கு இது பெரிய இழப்பு. முடியின் ஓரம் படிக்கட்டுப் படிக்கட்டாக வருவது இதனால்தான். 4K-இல் எடுத்துப் பாதியாகக் குறைத்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென ஒரு நிறப் பதிவு மிஞ்சுகிறது.

பிறகு துணியை மட்டும் சில நொடிகள் எடுத்து, மடிக்கணினியில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் திறந்தார். படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. நேரே வேவ்ஃபார்முக்குப் போனார். படத்தின் இடமிருந்து வலமாக எங்கே எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் கோட்டுப்படம் அது. சீராக வெளிச்சம் விழுந்த துணி மெல்லிய படுக்கைக் கோடாகத் தெரிய வேண்டும். திரையில் தெரிந்ததோ நடுவில் தொய்ந்த கயிறு. டியூப்கள் சுவரை ஒட்டி நின்றதால் துணியின் ஓரங்கள் மட்டும் பளிச்சென்றிருந்தன. அக்காவின் தலை வரப்போகும் நடுப்பகுதி இருண்டிருந்தது. கூடத்தில் நின்று பார்த்த என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தது.

"இது என்ன செய்யும்?" என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தத் தாளில் இருந்ததைப் புரிந்துகொண்டால், கீ எடுப்பதில் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். பச்சை எண்ணிலிருந்து, மற்ற இரண்டில் பெரியதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது அந்தப் புள்ளியில் எவ்வளவு 'துணி' இருக்கிறது என்பதன் அளவு. துணியின் பளிச்சிட்ட ஓரம் 40, 150, 60. கழித்தால் 90. இதை முழுத் துணி என்று வைத்துக்கொள்வோம். இருண்ட நடுப்பகுதி 25, 95, 38. கழித்தால் 57 மட்டும். 90-இல் 57 என்றால் 63 சதவீதம்தான் துணி. மீதி 37 சதவீதத்தை மென்பொருள் 'ஆள்' என்று எண்ணி, அக்காவின் தலைக்குப் பின்னால் புகைபோல விட்டுவைக்கும்.

புகையைப் போக்க வழி உண்டு. 57-ஐயே முழுத் துணி என்று சொல்லிவிடலாம். மென்பொருளின் Delta Keyer கருவியில் Threshold என்ற பட்டையை நகர்த்துவது இதைத்தான் செய்கிறது. புகை போய்விடும். ஆனால் முடியைப் பாருங்கள். மெல்லிய முடியொன்று ஒரு புள்ளியில் பாதியை மறைக்கிறது, மீதிப் பாதியில் பளிச்சிட்ட துணி என்று வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி ஏறக்குறைய 35, 88, 41. கழித்தால் 47. 90-ஐ அடிப்படையாகக் கொண்டால் துணி 52 சதவீதம், முடி 48 சதவீதம், உண்மைக்கு நெருக்கம். 57-ஐ அடிப்படையாகக் கொண்டால் துணி 82 சதவீதமாகி, முடி 18 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். புகையை அழித்த அதே கை முடியையும் அழித்துவிட்டது. வீட்டில் எடுத்த வீடியோக்களில் தலை கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்படிக் கழித்துப் பார்க்கும் யோசனை பழையது. 1959-இல் வெளிவந்த 'பென்-ஹர்' படத்துக்காக பெட்ரோ விலாஹோஸ் உருவாக்கிய முறையில் இதன் வேர் இருக்கிறது. அது ஃபிலிம் காலம், துணி நீலம், கழித்தல் வேலையை வடிகட்டிகளும் ஃபிலிம் பிரதிகளும் செய்தன. டிஜிட்டல் கேமராக்களில் பச்சை முந்தியதற்குக் காரணம், அவற்றின் சென்சாரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொரு கட்டம் இருந்தால் பச்சைக்கு இரண்டு இருப்பது. பச்சையில் புள்ளி இரைச்சல் குறைவு.

தம்பி டியூப்களைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னுக்கு இழுத்து, ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்க ஓரத்தை நோக்கித் திருப்பினார். மறுபடி எடுத்தார். ஓரம் 36, 134, 54. நடு 34, 128, 51. கழித்தால் 80-ம் 77-ம். துணி மொத்தத்தில் முன்பைவிட இருண்டுதான் போனது, ஆனால் சீராகிவிட்டது. இப்போது 77-ஐ முழுத் துணி என்று வைத்தாலும் பாதி முடி 50 சதவீதத்துக்கு அருகிலேயே நிற்கும். பிரகாசத்தைவிடச் சீர்மை முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. துணியின் மூலைகளைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. அக்காவின் கை எட்டாத இடத்தையெல்லாம் ஒரு கட்டம் வரைந்து வெட்டி எறிந்துவிடலாம்.

அக்கா வந்து நின்றார். மாம்பழ மஞ்சள் புடவை, தலையில் மல்லிகைச் சரம். தம்பி சரத்தை அருகே போய்ப் பார்த்தார். இடையிடையே மரிக்கொழுந்து வைத்துத் தொடுத்திருந்தது.

"மரிக்கொழுந்த எடுத்துரேன்க்கா. அது பச்சை, ஓட்டையாயிடும்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா? பிரிச்சா சரமே போயிடும்டா" என்றவர், பூவைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வந்தார்.

படப்பிடிப்பு விரைவாகவே முடிந்தது. பாடம் உலோகங்களைப் பற்றியது. பதினைந்து நிமிடம் தடுமாறாமல் பேசினார். மென்பொருளில் கீ எடுத்ததும், தம்பி பின்னணியில் முதலில் வைத்தது வரைபடத்தையல்ல, வெறும் சாம்பல் நிறத்தை. பிறகு அடர் சிவப்பு. விளிம்பில் பச்சை ஒட்டியிருந்தால் சிவப்பின் மேல் உடனே தெரிந்துவிடும். தெரிந்தது. காதோரத்திலும், தோளிலிருந்து இறங்கும் முந்தானையிலும் மெல்லிய பச்சைக் கோடு.

இந்தப் பச்சையைப் போக்குவதிலும் ஒரு கழித்தல்தான். பச்சை எண், சிவப்பு-நீலத்தின் சராசரியைத் தாண்டினால் அந்தச் சராசரிக்கே இறக்கிவிட வேண்டும். காதோரத் தோல் 200, 175, 125 என்று இருந்தால் சராசரி 162. பச்சை அதற்கு இறங்கித் தோல் இயல்பாகிவிடும். ஆனால் அக்காவின் புடவை ஏறக்குறைய 230, 200, 40. சராசரி 135. பச்சை 200-இலிருந்து 135-க்கு விழுந்ததும் மாம்பழ மஞ்சள் கண்ணெதிரே ஆரஞ்சாக மாறியது.

"என் புடவையை என்னடா பண்ணிட்ட?" என்று அக்கா திரையருகே வந்துவிட்டார்.

சராசரிக்குப் பதில், இரண்டில் பெரிய எண்ணை எல்லையாக வைப்பது இன்னொரு முறை. புடவையில் பெரிய எண் 230. பச்சை 200 அதைத் தாண்டவில்லை, எனவே மஞ்சள் பிழைக்கும். ஆனால் தோலிலும் பெரிய எண் 200. அங்கே 175 தொடப்படாமல் பச்சைக் கோடு அப்படியே நிற்கும். ஒரே முறை இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. தம்பி முகத்துக்கும் முடிக்கும் சராசரி முறையையும், புடவைக்குப் பெரிய எண் முறையையும் போட்டு, கழுத்துக்குக் கீழே மென்மையான ஒரு வளைவு வரைந்து இரண்டையும் பிரித்தார். முந்தானை ஓரத்தில் கொஞ்சம் பச்சை மிஞ்சியது. மஞ்சளோடு மஞ்சளாக அது கண்ணை உறுத்தவில்லை, விட்டுவிட்டார். அது சரியான முடிவென்றே எனக்கும் பட்டது.

அடுத்து அமிலங்கள், காரங்கள் பாடம். அதில் சோதனைக்குழாய் வரும். கண்ணாடி வழியே தெரிவதும் துணிதான் என்பதால், கீ எடுத்தால் குழாயும் அதோடு கரையும். விளிம்பின் பளபளப்பு மட்டும் மிஞ்சும். அந்தப் பாடத்துக்குச் செய்முறையை மட்டும் மேசையில் கறுப்புத் துணி விரித்துத் தனியாக எடுப்பது, அக்கா பேசும் பகுதியை மட்டும் பச்சைக்கு முன்னால் எடுப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். தம்பி ஃபேனைப் போட்டுவிட்டுத் துணியின் கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார். மடித்து வைத்தால் மறுபடி மடிப்பு விழும் என்று, ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுற்றி வைக்கிறார்.