வேறு கணினியிலும் அதே கடிதம்

ஒரு சிறிய பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வரும் விண்ணப்பக் கடிதங்களை முதலில் திறப்பவள் நான். ஒருமுறை வந்த வேர்டு கோப்பின் முதல் வரி இது: `tzf;fk;`. பழைய தட்டச்சுக்காரர்களுக்கு இது உடனே புரியும். பாமினி எழுத்துருவில் அடித்த ‘வணக்கம்’. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலமே வெளியே தெரியும்.

அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருந்தால் போதாதா என்று கடிதத்தை அனுப்பிய பெண் கேட்டார். கண்ணுக்குப் போதும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடுவதால் தமிழ் தமிழாகத்தான் தெரியும். ஆனால் ‘அனுபவம்’ என்று தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடி அந்த ஆங்கிலக் குவியல்தான். அதனால் முதலில் யுனிகோடுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிகள் சில இடங்களில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடும், ஒருமுறை முழுதாகப் படித்தே ஆகவேண்டும்.

விண்டோஸில் இருக்கும் `Nirmala UI` கடிதத்துக்குப் பாந்தமானது. அளவு 11 வைத்தோம். தமிழில் மேலே விலங்கும் கீழே சுழியும் நீள்வதால் ஒற்றை வரி இடைவெளி நெருக்கிப் பிடிக்கும்; 1.15 என்றதும் பக்கம் மூச்சு விட்டது. தாள் ஏ4, நான்கு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம். கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு மூன்று வரி வழிந்தபோது ஓரத்தைக் குறைக்க அவர் கை போயிற்று. ஒரு பத்தியைக் குறைக்கச் சொன்னேன். அந்தப் பத்தி தற்குறிப்பில் இருந்ததையே திரும்பச் சொன்னது.

தேதியை வலப்பக்கம் தள்ள அவர் இடைவெளிப் பட்டையை அழுத்திக்கொண்டே போயிருந்தார். எழுத்துரு மாறியதும் அது அடுத்த வரிக்கு விழுந்தது. வலப்பக்க ஒழுங்கைப் பயன்படுத்தினால் எந்த எழுத்துருவிலும் ஓரத்தோடு நிற்கும்.

பிறகு வேர்டிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்தார். அடோபி ரீடரில் `Ctrl+D` அழுத்தி `Fonts` பகுதியைப் பார்த்தால், எழுத்துருவின் பக்கத்தில் `Embedded Subset` என்று இருக்கவேண்டும். இருந்தது. நான் அதோடு விடுவதில்லை. கோப்பைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து, இரண்டு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பேன். எழுத்துச் சிதறல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க அவருக்கு ஆசை. எனக்கும் அது பிடிக்கும். ஆனாலும் சில இணையப் படிவங்களில் ஏற்றும்போது ‘க’ என்ற ஒரே எழுத்து `%E0%AE%95` என்று நீண்டுவிடும். ஆகவே ஆங்கில எழுத்தில், முதலில் தன் பெயர், பிறகு வேலையின் பெயர், நடுவில் இடைவெளிக்குப் பதில் சிறு கோடு. `letter-final2.pdf` என்று வரும் கோப்புகள் எங்கள் கோப்புறையில் ஏற்கெனவே பல கிடக்கின்றன. எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்கவேண்டும்.