ஐந்து மணி மூன்றானபோது

கூட்டத்தைத் தள்ளிப்போட்டால் செய்தி பார்க்காதவர் வந்து கொஞ்ச நேரம் காத்திருப்பார், திட்டுவார், அவ்வளவுதான். முன்னாடி இழுத்தால் அவர் வந்து சேரும்போது நாற்காலியை மடக்கிக்கொண்டிருப்போம். அவருக்குப் போவது நேரம் இல்லை, கூட்டமே.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் இணைப்பு பற்றிப் பேச ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்குக் கூட்டம். சனி இரவு எட்டு மணிக்குப் பொறியாளர் போன் செய்தார்: நாளைக்கு நாலரைக்குக் கிளம்பியாகணும். கூட்டம் 3 மணிக்கு. குரூப்பில் போட வேண்டியது நான்.

முதலில் ஒருவர் எழுதித் தந்தது: "கூட்டம் ரெண்டு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." 'தள்ளி' என்று பார்த்ததுமே பாதிப் பேர் ஏழு மணி என்று நினைத்துவிடுவார்கள். 'ப்ரீபோன்' ஆபீஸில் புரியும், எதிர்வீட்டுப் பாட்டிக்குப் புரியாது. கணக்குப் போடவிடாமல் நேரத்தையே எழுதுவதுதான் வழி. அதுவும் முதல் வரியில். போன் திரையில் எட்டிப் பார்க்கும்போது தெரிவது அந்த வரி மட்டும்தான்.

அடுத்தது அந்த 'சிரமம்'. ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் கேட்கிற அதே சொல். யாருடைய சிரமம்? ஞாயிறு மூன்று மணி என்றால் நைட் ஷிஃப்ட் முடித்தவரின் தூக்கம். ஊருக்குப் போனவர் ஆவடி வந்து சேர, ஞாயிற்றுக்கிழமை மின்ரயில் குறைவு. அதைப் பெயர் சொல்லி எழுதினால்தான் யோசித்தோம் என்று தெரியும். சொன்னால் மட்டும் போதுமா? வர முடியாதவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு இவ்வளவு பணம் என்று முடிவெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதில் அர்த்தமில்லை. எனவே நாமும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசியில் போனது இது:

"நாளை ஞாயிறு கூட்டம் மதியம் 3 மணிக்கு. 5 மணிக்கு இல்லை. இடம் அதேதான். பொறியாளர் நாலரைக்குக் கிளம்பணும்னு இப்பதான் சொன்னார். நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க தூங்குற நேரம், ஊர்லேர்ந்து திரும்புறவங்களுக்குக் கஷ்டம்னு தெரியும், மன்னிக்கணும். வர முடியாதவங்க காலைல 11-க்குள்ள கேள்வியை இங்க எழுதுங்க, அதைத்தான் முதல்ல கேப்போம். பணம் பத்தி நாளைக்கு முடிவு எடுக்க மாட்டோம். பாத்தவங்க 'சரி'ன்னு போடுங்க."

பழைய அறிவிப்பு மேலே பின் செய்து கிடந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தேன். இல்லாவிட்டால் காலையில் தேடுபவர் கண்ணில் ஐந்து மணிதான் படும்.

நீல டிக்கை நம்ப முடியாது. திறந்தவர் படித்தவர் இல்லை. பத்து மணிக்குள் 'சரி' போடாத ஒன்பது வீட்டுக்கும் போன் செய்தோம். வாட்ஸ்அப் இல்லாத இரண்டு வீட்டுக்கு நேரில் போனோம். ஒரு அண்ணன் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்: "நான் வரலப்பா. கேள்விய எழுதிக்கோ. பைப் எந்தப் பக்கம் வருது, என் வாசல எப்ப மூடித் தருவாங்க?"

மறுநாள் முதல் கேள்வி அதுதான்.