தலைக்குக் குளிக்க நேரமில்லையா?

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம்தான் முக்கியம். இடுப்பு வரை நீண்ட கூந்தலை அலசிக் காயவைக்க நேரம் ஏது? டிரை ஷாம்பூ வாங்கினாள்.

நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வேர்ப்பகுதியில் அடித்தாள். ஆல்கஹால் ஆவியாகிவிட, மாவு மட்டும் தங்கியது. அது அரிசி மாவுச்சத்து. பஜ்ஜி எண்ணெயைக் காகிதம் உறிஞ்சுவதுபோலத் தலையின் பிசுக்கை உறிஞ்சியது. இரண்டு நிமிடம் கழித்து, விரலால் தேய்த்துச் சீவினாள். முடி புசுபுசுவென்று ஆனது.

மறுநாளும் அடித்தாள். மூன்றாம் நாள் சீப்பில் வெள்ளைப் பசை, தலையில் அரிப்பு. மாவு எண்ணெயை உறிஞ்சுமே தவிர, வியர்வை உப்பையும் இறந்த தோலையும் கழுவாது. சீவியும் போகாத மாவு, எண்ணெயோடு குழைந்து வேரிலேயே படிந்திருந்தது. அதன் மேல் மறுபடி அடித்தால் படிவுதான் கூடும்.

இப்போது வாரம் இருமுறை தலைக்குக் குளிக்கிறாள். இரண்டு குளியலுக்கும் நடுவே ஒரே ஒரு முறைதான் டிரை ஷாம்பூ. பொடுகோ புண்ணோ இருந்தால் அதுவும் கிடையாது. அடுப்புப் பக்கம் டப்பாவைக் கொண்டுபோவதே இல்லை. மாவை வெளியே தள்ளுவது, சமையல் கேஸில் இருக்கும் அதே பியூட்டேன்!