தாழ்ப்பாளும் சட்டகமும்

மார்ச் 8 காலை எங்கள் துறையின் வாட்ஸப் குழுவில் ஒரு மேற்கோள் அட்டை வந்தது. அதில் இருந்தது என் கவிதை வரி. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பார்வையற்ற என் முதுகலை மாணவி தனியாக எழுதினாள்: "மேம், உங்க கவிதைன்னு எல்லாரும் கைதட்டுறாங்க. என் போன் படம்னு மட்டும் சொல்லுது. என்ன இருக்கு அதுல?"

வரியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன்: கௌரவம் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்.

"கெ-ள-ர-வம்னு வாசிக்குது மேம். அப்படின்னா?"

தப்பு என்னுடையது. 'கௌ' என்பதில் க-வுக்குப் பின் வரவேண்டியது ஔகாரக் குறி ஒன்றே. நான் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தைத் தட்டியிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காதுக்கு வேறு. பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் தெரிந்துவிடும். சரியான கௌ-வில் க மிஞ்சும், தவறானதில் கெ மிஞ்சும். முனைவர் பட்டம் வாங்கியவள் இதை என் மாணவியின் காதிலிருந்து கற்றேன்.

திருத்தி அனுப்பியதும், "இவ்வளவுதானா மேம்? ஓரத்துல, கீழ ஒன்னும் இல்லையா?" என்றாள். அலங்காரத்தை எதற்கு எழுதுவது என்று விட்டிருந்தேன். அவளுக்காக மறுபடி பார்த்தேன். இளஞ்சிவப்புப் பூக்கொடிச் சட்டகம். இடப்பக்கம் குத்துவிளக்கு. வலப்பக்கம் தலை குனிந்து கோலமிடும் பெண். வரிக்குக் கீழே என் பெயர். அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் பதிப்பக விவரம். பெரிதாக்கினால் பதிப்பகத்தின் பெயரும் தொகுப்பின் பெயரும் தெரிந்தன; பக்க எண்ணில் 4-க்கு அடுத்த இலக்கம் மங்கியிருந்தது. எழுதியவள் நான்தான், எண் எனக்குத் தெரியும். ஆனாலும் படியெடுப்பவள் அட்டையில் இருப்பதைத்தான் எழுதவேண்டும். '4, அடுத்த இலக்கம் தெளிவில்லை' என்று எழுதி, 'புத்தகத்தில் 47' என்பதைத் தனி வரியில் சேர்த்தேன்.

மாலையில் அவள் தோழியை நூலகத்துக்கு அழைத்துப்போய், 47ஆம் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "மேம், அடுத்த வரி அட்டையில இல்லையே?"

அடுத்த வரி: போட்டது வெளியிலிருந்து.

வெட்டிய இடத்தில் மூன்று புள்ளிகூட இல்லை. குத்துவிளக்கும் குனிந்த தலையும் சேர்ந்து, நான் குற்றம் சாட்டிய தாழ்ப்பாளுக்கே என்னைப் பூப்போட வைத்திருந்தன. காலையில் கைதட்டல்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

அன்றிரவு படியெடுத்ததை முழுதாகக் குழுவில் போட்டேன்: வரி, பெயர், சட்டகம், கீழே உள்ள சிறு எழுத்து. கடைசியில் ஒரு குறிப்பு: 'கவிதை இங்கே முடியவில்லை.' அதற்குக் கீழே அந்த வரி.

முதலில் பதில் போட்டவள் அவள்தான்: "இப்ப முழுசாக் கேக்குது மேம்."