வல்லாரைக் கட்டை அவிழ்த்துக் கழுவுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பச்சையாகச் சம்பல் சாப்பிடுகிற வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் எங்கட வீட்டில் குடும்பத்துக்குள் ஒரு சாப்பாடு. ஏழு சஹன் வைத்தோம். மறுநாள் இரவு எங்கட சின்ன மகளுக்குக் காய்ச்சலோடு வயிற்றோட்டம் தொடங்கியது. விடியும்போது சளியும் இரத்தமும் கலந்து போனது. அதே நாளில் சாச்சியின் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே. மகளை மூன்று நாள் வாட்டில் வைத்திருந்து சேலைன் ஏற்றினார்கள். ஆறு வயதுப் பிள்ளை, எழும்பி இருக்கவும் ஏலாமல் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை நாங்கள் ஒழுங்காகத் தேடிப் படித்தோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகம்.

டொக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். கிருமியால் வந்த வயிற்றோட்டம்தான், ஆனால் எந்தச் சாப்பாட்டில் இருந்து வந்தது என்று இனி உறுதியாகச் சொல்ல ஏலாது. பின்னால் வீட்டுக்கு வந்த பீ.எச்.ஐ. ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அன்றைக்குச் சூடு காட்டாமல் வைத்தது என்ன?" சோறும் கோழியும் கொதிக்கக் கொதிக்க இறக்கியவை. பச்சையாக வைத்தது வல்லாரைச் சம்பல் மட்டும்தான். அதைச் சாப்பிட்ட பெரியவர்கள் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பல் செய்தது உம்மா. அவவுக்கு மனசு உடைந்துபோனது. "நான் கழுவாமலா பிள்ளைக்குக் குடுத்தன்? உப்பும் மஞ்சளும் போட்டு ரெண்டு தரம் கழுவினேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதா. அவ பொய் சொல்லவில்லை. கழுவித்தான் இருக்கிறா. அதனால் நாங்கள் குற்றம் பிடிக்கப் போகவில்லை. பக்கத்தில் இருந்து, அன்றைய காலையை முதலில் இருந்து கேட்டோம்.

சந்தையில் வாங்கியது பன்னிரண்டு கட்டு. வல்லாரை ஈரமான சேற்று நிலத்தில் படர்கிற கீரை. வியாபாரி அதை நனைந்த சாக்கில் பரத்தி, வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பார். அந்தத் தண்ணீர் எங்கே மொண்டது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. வீட்டில் பெரிய பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி, உப்பும் மஞ்சளும் கரைத்து, கட்டோடு முக்கி அலசி எடுத்திருக்கிறா. பன்னிரண்டு கட்டுக்கும் அதே தண்ணீர். அந்தப் பேசினில்தான் முந்தின இரவு கோழி கழுவியது, பிறகு வெறும் தண்ணீரால் அலம்பி வைத்தது. ஒன்பது மணிக்கெல்லாம் கட்டோடு பிடித்துப் பொடியாக அரிந்து, மூடி போட்ட வாளியில் வைத்தாச்சு. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்தது பன்னிரண்டு மணிக்கு. விருந்தாளிகள் வரச் சுணங்கி, சஹன் வைக்கும்போது இரண்டு மணி.

இதில் உம்மா செய்யாத எதையும் நாங்களும் செய்ததில்லை. கலாசாலை விடுதியில் நாங்கள் சமைத்த காலத்திலும் கட்டை அவிழ்த்ததாக ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு எட்டாம் தரப் பிள்ளைகளோடு வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஒரே கடையில் வாங்கிய ஒரு கட்டு வல்லாரை, சில வெள்ளைப் பேசின்கள், குழாய்த் தண்ணீர். முதலில் கட்டை அவிழ்க்காமல் மூன்று தண்ணீரில் அலசச் சொன்னோம். மூன்றாவது தண்ணீர் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் "சேர், சுத்தம்" என்றார்கள். பிறகு அதே கட்டின் நாரை அறுத்து, வேர்ப்பக்கத்தை வெட்டி, தண்டு தண்டாகப் பிரித்து நாலாவது பேசினில் போட்டோம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிட்டது. அடியில் மணல், இரண்டு குட்டி நத்தை, ஏதோ பூச்சியின் முட்டை. அதன் பிறகு இன்னும் மூன்று தண்ணீர் மாற்ற வேண்டி வந்தது.

காரணம் கீரையின் அமைப்பில் இருக்கிறது. வல்லாரையின் தண்டுகள் எல்லாம் வேர்க்கணுவில் ஓரிடத்தில் வந்து சேரும், சேறு அந்த இடுக்கில்தான் இறுகியிருக்கும். இலையும் தண்டும் சேரும் பள்ளத்திலும் கொஞ்சம் நிற்கும். கட்டாக இருக்கும்போது தண்ணீர் வெளிப்பக்க இலைகளைத்தான் தொடுகிறது. அப்படியே கட்டோடு அரிந்தால் உள்ளே இருந்த சேறு கத்தியில் பட்டு எல்லாத் துண்டுக்கும் போகிறது.

எங்கட வீட்டில் இப்போது இப்படித்தான் செய்கிறோம். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோம். கட்டை அவிழ்த்து, வேர்க்கணுவை வெட்டி எறிந்து, பழுத்த இலை, நசிந்த இலை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுகிறோம். நசிந்த இலையில் கிருமி எளிதாகப் பெருகும். பிறகு நிறையத் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கி, ஒரு நிமிஷம் விட்டு, இலையைக் கையால் அள்ளி மேலே எடுக்கிறோம். பேசினைச் சரித்துத் தண்ணீரை வடிக்கக் கூடாது. அப்படி வடித்தால் அடியில் படிந்த மணல் திரும்பவும் இலையிலேயே விழும். பேசினைக் கழுவிப் புதுத் தண்ணீர். அடியில் மணல் இல்லாத வரைக்கும் இப்படியே. கடைசியாக ஒவ்வொரு பிடியாக ஓடுகிற தண்ணீரில் பிடித்து விரலால் தேய்த்து, ஓட்டைச் சட்டியில் வடிய விட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் அரிவது.

உப்பும் மஞ்சளும் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். உப்புத் தண்ணீரில் புழு, நத்தை எல்லாம் பிடி விட்டுக் கழன்று வரும், அது உண்மை. ஆனால் நாங்கள் போடுகிற அளவு உப்புக்கும் மஞ்சளுக்கும் வயிற்றோட்டக் கிருமி சாகும் என்று நம்பி இருக்க ஏலாது. சம்பலில் பிழிகிற தேசிக்காயும் அப்படித்தான். கிருமியையும் சேற்றையும் இலையில் இருந்து கழற்றுவது தண்ணீரின் ஓட்டமும் விரலின் உரசலும்தான்.

அடுத்தது தண்ணீர். எங்கட ஊர் கரையோர மணல் தரை. வீடுகள் நெருக்கம், கிணறு ஆழமில்லை, மலசலகூடக் குழி பக்கத்துவளவில். மணலுக்குள்ளால் எது எங்கே ஊறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உம்மா இதில் ஒரு நியாயமான கேள்வி கேட்டா: "நிறம், மணம், ருசி மாறாத தண்ணி சுத்தம்தானே? அதிலதானே ஒளுச் செய்யிற?" உண்மைதான், ஒளுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். ஆனால் வயிற்றோட்டக் கிருமி நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலே தண்ணீரில் இருக்கும். அதனால் கிணற்றுத் தண்ணீர் மட்டும் உள்ளவர்கள் சேறு போகும் வரை அதில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்குக் கொதித்தாறின தண்ணீரை எடுங்கள். அது இலையில் இருக்கிற கிருமியைக் கொல்லாது, புதுக் கிருமியைக் கொண்டு வராது, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ப்பதால் இந்தப் பயம் குறைவு.

எங்களுக்கே ஏமாற்றமாக இருந்த ஒரு விஷயமும் உண்டு. எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் கிருமி முழுவதும் போகாது. பத்தில் ஒன்பது பங்கு போனாலே அது நல்ல கழுவல். மிச்சம் இருக்கிற ஒரு பங்கு, அரிந்த இலையின் ஈரத்திலும் தேங்காய்ப்பூவிலும் எங்கட ஊர் வெக்கையில் மளமளவென்று பெருகும். உம்மாவின் சம்பலில் இலை அரிந்ததில் இருந்து ஐந்து மணித்தியாலம். எங்கட யோசனைப்படி கோழிப் பேசினும் இந்த ஐந்து மணித்தியாலமும்தான் கட்டை அவிழ்க்காததைவிடப் பெரிய பிழை. இப்போது விருந்து என்றால் கழுவி உலர்த்திய இலையை அரியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். சஹனுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போதுதான் அரிந்து பிசைகிறோம். வேலை நெருக்கடிதான், ராத்தாமார் ஏசத்தான் ஏசுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி, சின்னப் பிள்ளை, நோயாளி இருக்கிற சஹனுக்கு சம்பல் வைப்பதே இல்லை. அதே வல்லாரையைச் சுண்டலாக்கி, நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கி வைக்கிறோம்.

மருந்தடித்தது போகுமா என்று எங்களோடு படிப்பிக்கும் ஒரு நானா கேட்டார். தோலின் மேல் இருப்பதில் ஒரு பங்கு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவப் போகும். 2017இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிளை வைத்துச் சோதித்தார்கள். அப்பச் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிஷம் வைத்தபோது, அவர்கள் பூசிய இரண்டு மருந்தும் மேற்பரப்பில் இருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டன. அவர்கள் போட்ட அளவு லீற்றருக்குப் பத்துக் கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. ஆனால் தோலுக்குள் இறங்கியது அதிலும் போகவில்லை. திராட்சை, அப்பிள் போன்றவற்றுக்கு நாங்கள் இதைச் செய்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுகிறோம். சவர்க்காரமும் பாத்திரம் கழுவுகிற திரவமும் வேண்டாம். இலையும் பழத்தோலும் அதை உறிஞ்சும், பிறகு அதைத்தான் சாப்பிட வேண்டி வரும். வத்தகைப் பழம் போலத் தோலோடு வெட்டுகிறவற்றையும் வெட்ட முன் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் இருப்பதைக் கத்திதான் உள்ளே கொண்டு போகிறது.

போன வெள்ளிக்கிழமை, அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக உம்மா மூன்று கட்டு வல்லாரை வாங்கி வந்தா. சின்ன மகள் குழாயடியில் பக்கத்தில் நின்று தண்ணீர் எத்தனை என்று எண்ணினா. ஐந்தாவது தண்ணீரில் ஒரு இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "உம்மும்மா, இன்னும் ஒரு நத்தை" என்றா. உம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு ஒன்றும் பேசாமல் பேசினைக் கவிழ்த்துக் கழுவி, ஆறாவது தண்ணீரைத் திறந்தா.