மாமாவின் உச்சந்தலை

இது எங்கள் வீட்டு விஷயம். எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுது மகன், வழுக்கை எனக்கு மட்டுமா இருக்கு?" என்றார்.

90இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகு மாமா புத்தளத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் உப்பளத்தில் கூலி வேலை செய்தார். மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். நாற்பது வயதுக்குள் உச்சி வழுக்கை. தலையில் ஒரு வலைத் தொப்பி மட்டும்தான்.

போன வருடம் உச்சியின் இடப்பக்கம் ஒரு பொருக்கு வந்தது. தொப்பி உரசின காயம் என்று தேங்காயெண்ணெய் பூசினார். பொருக்கு விழும், பத்து நாளில் திரும்ப வரும். சலூன்காரத் தம்பி இரண்டு முறை சொல்லியும் மாமா கேட்கவில்லை. கடைசியில் மாமிதான் என்னைக் கூப்பிட்டார்: "மகன், தலையணை உறையில ஒரே இடத்தில ரத்தக் கறை வருது."

தொட்டுப் பார்த்தேன். அடியில் கல்லுப் போல ஒரு தடிப்பு. மூன்று மாதமாக இருக்கிறதாம். வலியில்லை, அதனால்தான் பேசாமல் இருந்திருக்கிறார்.

யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் விறைப்பு ஊசி போட்டு ஒரு சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலின் மேற்படையில் தொடங்கும் புற்றுநோய். பிந்தினால் காதடி, கழுத்து நெறிகளுக்குப் பரவக்கூடியது. மாமாவுக்குப் பரவவில்லை. சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். உச்சந்தலைத் தோல் இழுத்துத் தைக்க இடம் கொடுக்காது. அதனால் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு சொரசொரப்பான இடங்கள் இருந்தன. அவை புற்றுநோய் அல்ல, வெயில் பல வருடமாகத் தின்ற தோல் என்றார் டொக்டர். பெயர் அக்டினிக் கெரடோசிஸ். பெரும்பாலானவை அப்படியே இருக்கும். சில மட்டும் மாறும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் திரவ நைதரசனால் உறைய வைத்து அகற்றினார்கள்.

"எங்கட நிறத்துக்கு இது வராது எண்டு நினைச்சன் டொக்டர்" என்றேன். வெள்ளைக்காரரை விடக் குறைவு, ஆனால் வராமல் இல்லை. யாரும் தேடிப் பார்க்காததால் பிந்தித்தான் வருகிறார்கள் என்றார்.

உச்சந்தலை சொந்தக்காரனுக்குத் தெரியாத இடம். அதனால் இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துத் தலை காய்ந்த பிறகு, மாமி பார்க்கிறார். எண்ணெய் பூசியிருக்கக் கூடாது. எண்ணெய் பொருக்கை மறைக்கும். யன்னல் வெளிச்சத்தில் இருத்தி, முன் நெற்றி ஓரம், உச்சி, காதுக்கு மேலும் பின்னும், பிடரி என்று ஒழுங்காகப் போவார். முடி ஐதான இடத்தில் சீப்பால் வகிடு வகிடாகப் பிரிப்பார். பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தடவுவார். வெயில் தின்ற இடம் கண்ணுக்குத் தெரிய முன்னமே சாண்ட் பேப்பர் மாதிரி விரலில் தட்டும். ஏதாவது இருந்தால் பக்கத்தில் அடிமட்டம் வைத்து போனில் படம் எடுப்பார். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனியாக இருப்பவர்கள் இரண்டு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது முடி வெட்டுபவரிடம் கேட்கலாம்.

எதற்கு டொக்டரிடம் போவது? நாலு கிழமையில் ஆறாத புண், அல்லது ஆறி ஆறித் திரும்ப வருவது. குளித்தாலும் போகாத சொரசொரப்பு. வளரும் அல்லது இரத்தம் கசியும் கட்டி. மச்சம் என்றால், புதிதாக வந்தது, ஒரு பக்கம் ஒரு மாதிரி மறுபக்கம் வேறு மாதிரி இருப்பது, ஓரம் கிழிந்தாற்போல் இருப்பது, பல நிறம் கலந்தது, பென்சில் அழிறப்பரை விட (6 மில்லிமீற்றர்) பெரிதாகிக்கொண்டு போவது. மினுங்கும் கரும் பருவையும் மச்சம் என்று விட வேண்டாம். எங்கள் தோலில் இன்னொரு வகைப் புற்றுநோய் அப்படித்தான் வரும். வயதானவர்களுக்கு மெழுகு ஒட்டினாற்போல் வரும் பழுப்புத் தடிப்புகள் பெரும்பாலும் தீங்கில்லாதவை. சந்தேகமென்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, நூல் கட்டுவது, பிளேட்டால் சீவுவது வேண்டாம். மேலே ஆறினாற்போல் தெரியும், அடியில் வளரும். பரிசோதிக்கத் துண்டும் மிஞ்சாது.

தொழுகைத் தொப்பி வெயிலுக்குப் போதாது. வலையின் ஓட்டைக்குள்ளால் வெயில் இறங்கும், காதும் பிடரியும் வெளியே. மாமா இப்போது வெளியே போனால் அகல விளிம்புப் பனையோலைத் தொப்பி போடுகிறார். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் எங்களுக்கு உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேல். அந்த நாட்களில் 10 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் அவரை வெளியே விடுவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். போன முறை எல்லாம் சுத்தம், அல்ஹம்துலில்லாஹ். இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வாப்பாவின் தலையை ஒருக்கால் தடவிப் பாருங்கள்.